சமன்பாடு சொல்லாததை அட்டவணை சொல்லும்

பிளஸ் டூ வேதியியலில் வேதிவினை வேகவியல் பாடம் முடிந்ததும் நடக்கும் குறுந்தேர்வில் ஓர் அட்டவணை பெரும்பாலும் தவறாமல் வந்து நிற்கும். மேலே ஒரு சமன்பாடு, இடப்பக்கம் செறிவுகள், வலப்பக்கம் தொடக்க வேகங்கள். கீழே ஒற்றை வரிக் கேள்வி: வினைவேக விதியையும் வேக மாறிலியையும் காண்க. கணக்கென்று பார்த்தால் பெருக்கலும் வகுத்தலும்தான். அப்படியிருந்தும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட இதில் வழுக்குகிறார்கள். எந்தச் சோதனையை எதனோடு ஒப்பிடுவது என்ற முடிவில்தான் பெரும்பாலான தவறு நிகழ்கிறது.

இதற்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு வினை இருக்கிறது. அமிலக் கரைசலில் புரோமேட் அயனியும் புரோமைடு அயனியும் சேர்ந்து புரோமினைத் தருவது.

BrO₃⁻ + 5Br⁻ + 6H⁺ → 3Br₂ + 3H₂O

இதை வைத்துத் தயாரித்த ஒரு வினாத்தாள் அட்டவணை கீழே இருக்கிறது. செறிவுகள் லிட்டருக்கு மோல் கணக்கில். வேகத்தை லிட்டருக்கு மோல், விநாடிக்கு என்று படிக்க வேண்டும். ஒவ்வொரு வேகத்தையும் 10⁻⁴ ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

| சோதனை | [BrO₃⁻] | [Br⁻] | [H⁺] | தொடக்க வேகம் (× 10⁻⁴) |
|---|---|---|---|---|
| 1 | 0.10 | 0.10 | 0.10 | 8.0 |
| 2 | 0.20 | 0.10 | 0.10 | 16 |
| 3 | 0.20 | 0.30 | 0.10 | 48 |
| 4 | 0.10 | 0.20 | 0.15 | 36 |

தேட வேண்டியது இதுதான்: வேகம் = k[BrO₃⁻]ˣ[Br⁻]ʸ[H⁺]ᶻ என்ற விதியில் x, y, z ஆகிய மூன்று அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கும் அந்தந்தப் பொருளைப் பொறுத்த வினைவகை. மூன்றின் கூட்டுத்தொகை மொத்த வினைவகை. இலங்கையில் உயர்தரம் படிக்கும் மாணவர் இதையே தாக்க வரிசை என்று படித்திருப்பார். k என்பது வேக மாறிலி. வெப்பநிலை மாறாத வரை அதுவும் மாறாது.

முதல் சபலம் சமன்பாட்டிலேயே காத்திருக்கிறது. 1, 5, 6 என்று எண்கள் கண்ணெதிரே இருக்கும்போது அவற்றையே அடுக்குகளாகப் போட்டுவிடக் கை துடிக்கும். போட்டால் மொத்த வினைவகை 12 ஆகிவிடும். அதற்குப் பொருள், 12 அயனிகள் ஒரே கணத்தில் ஒரே புள்ளியில் வந்து மோதுகின்றன என்பது. கரைசலில் மூன்று துகள்கள் ஒரே நேரத்தில் மோதுவதே அபூர்வம். சமன்பாடு மொத்த வரவு செலவை மட்டும் காட்டுகிறது. வினை எந்தெந்தப் படிகளாக நடந்தது என்பதைக் காட்டுவதில்லை. அடுக்குகளைச் சோதனையால்தான் அறிய முடியும், அந்தச் சோதனையின் பதிவேடுதான் இந்த அட்டவணை.

இனி அட்டவணைக்குள் இறங்கலாம். முதலில் தேட வேண்டியது, ஒரே ஒரு செறிவு மட்டும் மாறியிருக்கும் இரண்டு சோதனைகளை. 1, 2 ஆகிய சோதனைகளில் புரோமைடும் ஹைட்ரஜன் அயனியும் அப்படியே இருக்கின்றன. புரோமேட் மட்டும் இரு மடங்காகிறது. வேகம் 8-இலிருந்து 16 ஆகிறது, அதுவும் இரு மடங்கு. 2ˣ = 2 என்றால் x = 1. புரோமேட்டைப் பொறுத்து இது முதல் வகை வினை.

அடுத்தது புரோமைடு. இங்கேதான் பலர் சோதனை 3-ஐச் சோதனை 1-உடன் வைத்துப் பார்க்கிறார்கள். முதல் சோதனை ஏதோ அடிப்படை அளவு, மற்றவற்றையெல்லாம் அதனோடுதான் ஒப்பிட வேண்டும் என்று ஒரு எண்ணம் எப்படியோ மனத்தில் படிந்துவிடுகிறது. அப்படி ஒப்பிட்டால் புரோமைடு மூன்று மடங்கு, வேகம் ஆறு மடங்கு. 3ʸ = 6 என்று எழுதி மடக்கை அட்டவணையைப் புரட்டினால் y = 1.63 என்று வரும். இப்படி ஒரு விசித்திரமான எண் வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். பள்ளிக் கணக்குகளில் வினைவகை பெரும்பாலும் 0, 1, 2. எப்போதாவது அரை அல்லது ஒன்றரை. 1.63 வந்தால் பொருந்தாத சோதனைகளைச் சேர்த்துவிட்டோம் என்றே பொருள். புரோமேட்டும் கூடவே இரு மடங்கானதை மறந்ததால் வந்த வினை அது.

சரியான இணை 2-உம் 3-உம். இரண்டிலும் புரோமேட் 0.20, ஹைட்ரஜன் அயனி 0.10. புரோமைடு மட்டும் 0.10-இலிருந்து 0.30. வேகம் 16-இலிருந்து 48. மூன்று மடங்குக்கு மூன்று மடங்கு, ஆகவே y = 1.

ஹைட்ரஜன் அயனிக்கு வரும்போது வினாத்தாள் தயாரித்தவர் வேண்டுமென்றே ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார். அதன் செறிவு மாறியிருப்பது சோதனை 4-இல் மட்டுமே. ஆனால் மற்ற இரண்டும் மாறாமல், ஹைட்ரஜன் அயனி மட்டும் மாறிய இணை எதுவும் அட்டவணையில் இல்லை. சோதனை 1-உடன் ஒப்பிட்டால் புரோமேட் ஒன்றுதான். ஆனால் புரோமைடு இரு மடங்காகிவிட்டது, ஹைட்ரஜன் அயனி ஒன்றரை மடங்காகிவிட்டது. வேகமோ 8-இலிருந்து 36, அதாவது 4.5 மடங்கு.

இதைக் கண்டு தகவல் போதவில்லை என்று கைவிடுபவர்கள் உண்டு. தேவையான தகவல் கையிலேயே இருக்கிறது. புரோமைடின் அடுக்கு 1 என்பது ஏற்கெனவே தெரியும். ஆகவே அது இரு மடங்கானதால் வேகமும் இரு மடங்காகியிருக்கும். 4.5 மடங்கில் அந்த இரண்டைக் கழித்துவிட வேண்டும். கழிப்பது என்றால் இங்கே வகுப்பது: 4.5 ÷ 2 = 2.25. இந்த 2.25 முழுக்க ஹைட்ரஜன் அயனியின் வேலை. ஒன்றரை மடங்குச் செறிவு 2.25 மடங்கு வேகத்தைத் தந்திருக்கிறது. 1.5-இன் வர்க்கம் 2.25. ஆக z = 2.

விதி இப்படி அமைகிறது: வேகம் = k[BrO₃⁻][Br⁻][H⁺]². மொத்த வினைவகை 4. சமன்பாட்டில் 1, 5, 6 என்றிருந்தவை விதியில் 1, 1, 2 ஆகிவிட்டன. புரோமேட்டின் 1 பொருந்தியது தற்செயல்தான்.

அந்த 1, 1, 2 என்ன சொல்கிறது? வினை பல படிகளில் நடக்கிறது; அவற்றில் மிக மெதுவான படிதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது. அந்த மெதுவான படி முடியும் வரை உள்ளே வந்திருப்பவை ஒரு புரோமேட், ஒரு புரோமைடு, இரண்டு ஹைட்ரஜன் அயனிகள். புரோமேட் முதலில் ஹைட்ரஜன் அயனிகளைப் பற்றிக்கொள்கிறது, பிறகு புரோமைடு வந்து தாக்குகிறது என்று இதை விளக்குவது வழக்கம். மீதி நான்கு புரோமைடும் நான்கு ஹைட்ரஜன் அயனியும் அதற்குப் பிறகு வரும் விரைவான படிகளில் சேர்கின்றன. அவற்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தப் பிந்தைய படிகளின் போக்கு மொத்த வேகத்தில் தெரியாது. கடைசியில் வந்து சேர்ந்தவர்களுக்குத் தாமதத்தில் பங்கில்லை.

இனி k. சோதனை 1-ஐ எடுத்துக்கொண்டால் செறிவுகளின் பெருக்கற்பலன் 0.10 × 0.10 × (0.10)², அதாவது 1 × 10⁻⁴. வேகம் 8.0 × 10⁻⁴. வகுத்தால் k = 8.0. அலகைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வேகத்தின் அலகில் செறிவு ஒரு முறை இருக்கிறது. அதைச் செறிவின் நான்காம் அடுக்கால் வகுக்கிறோம். ஆக L³ mol⁻³ s⁻¹. மொத்த வினைவகையை எழுதிவிட்டு அலகை வேறு மாதிரி எழுதியவரின் விடைத்தாளில் ஏதோ ஒன்று தவறு என்று திருத்துபவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அதே சோதனையை மாணவரும் தாளைக் கொடுக்கும் முன் செய்துகொள்ளலாம்.

ஆனால் அதைவிட வலுவான சரிபார்ப்பு ஒன்று உண்டு. எல்லாச் சோதனைகளிலிருந்தும் k-ஐக் கணக்கிட்டுப் பார்ப்பது. சோதனை 2-இல் 16-ஐ 2-ஆல் வகுக்க 8. சோதனை 3-இல் 48-ஐ 6-ஆல் வகுக்க 8. சோதனை 4-இல் 36-ஐ 4.5-ஆல் வகுக்க 8. நான்கும் ஒன்றுபோல வந்தால் விதி சரி.

இந்தச் சரிபார்ப்பை அரைகுறையாகச் செய்தால் ஏமாற்றிவிடும். ஹைட்ரஜன் அயனியின் அடுக்கை ஒருவர் தவறுதலாக 1 என்று எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். சோதனை 1-இலிருந்து k = 0.8 வரும். சோதனை 2-இலும் 0.8. சோதனை 3-இலும் 0.8. மூன்று முறை ஒத்துப்போனதும் அவர் நிம்மதியாகப் பேனாவை மூடிவிடுவார். சோதனை 4-ஐப் போட்டுப் பார்த்திருந்தால் 1.2 வந்து குட்டை உடைத்திருக்கும். முதல் மூன்றிலும் ஹைட்ரஜன் அயனியின் செறிவு மாறவே இல்லை என்பதால் அதன் அடுக்கைப் பற்றி அந்த மூன்றுக்கும் ஒன்றும் தெரியாது. எந்தச் செறிவின் அடுக்கைச் சரிபார்க்கிறோமோ, அது மாறியிருக்கும் சோதனையில்தான் சரிபார்க்க வேண்டும்.

இன்னொரு கண்ணி வேகம் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சில வினாத்தாள்களில் கடைசி நெடுவரிசையின் தலைப்பு வினையின் வேகம் என்று இருக்காது. புரோமைடு மறையும் வேகம் என்றிருக்கும். ஒரு புரோமேட்டுக்கு ஐந்து புரோமைடு தீர்கிறது என்பதால் அந்த எண் வினைவேகத்தைப்போல ஐந்து மடங்கு பெரிது. சோதனை 1-இல் 8.0-க்குப் பதில் 40 என்றிருக்கும். எல்லா எண்களும் ஒரே மாதிரி ஐந்து மடங்கானதால் விகிதங்கள் மாறாது, அடுக்குகளும் மாறாது. k மட்டும் 40 ஆகிவிடும். கொள்குறி வினாவில் 8, 40 இரண்டுமே விருப்பங்களாகத் தரப்பட்டிருந்தால் தலைப்பைப் படிக்காதவர் மாட்டிக்கொள்வார். சமன்பாட்டின் 1, 5, 6-க்கு இந்தக் கணக்கில் வேலை இருப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

சரி, ஏன் தொடக்க வேகம்? வினை பாதி நடந்தபின் அளந்தால் என்ன?

சோதனை 1-ஐயே பார்க்கலாம். வினைவேகம் 8.0 × 10⁻⁴ என்றால், ஒரு புரோமேட்டுக்கு ஆறு என்ற கணக்கில் ஹைட்ரஜன் அயனி 48 × 10⁻⁴ என்ற வேகத்தில் தீர்ந்துகொண்டிருக்கும். இருப்பதோ 0.10. முதல் விநாடியிலேயே ஏறக்குறைய 5 சதவீதம் போய்விடுகிறது. வேகம் அதன் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அந்த 5 சதவீதக் குறைவு வேகத்தில் ஏறத்தாழ 10 சதவீதச் சரிவாகத் தெரியும். கடிகாரம் ஒன்றிரண்டு விநாடி நகர்ந்தாலே அட்டவணையில் எழுதியிருக்கும் செறிவுகள் பொய்யாகிவிடுகின்றன. நாம் அறிந்து ஊற்றிய செறிவு உறுதியாக உண்மையாக இருக்கும் கணம் தொடக்கக் கணம் ஒன்றுதான்.

இரண்டாவது காரணம் விளைபொருள்களின் குறுக்கீடு. ஹைட்ரஜனும் புரோமின் ஆவியும் சேர்ந்து ஹைட்ரஜன் புரோமைடு தரும் வினையை ஜெர்மானிய வேதியியலாளர் மாக்ஸ் போடென்ஸ்டைனும் சாமுவேல் லிண்டும் ஆராய்ந்து 1907-இல் வெளியிட்டார்கள். உண்டாகும் ஹைட்ரஜன் புரோமைடே வினையின் காலை வாரிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். விளைபொருள் சேரச் சேர வேகம் குறைகிறது. விதி ஒரு பின்னமாகச் சிக்கலாகிறது. விளைபொருள் இன்னும் சேராத தொடக்கத்தில் மட்டும் விதி எளிது: ஹைட்ரஜனைப் பொறுத்து 1, புரோமினைப் பொறுத்து அரை. அரை என்றால் புரோமினை நான்கு மடங்காக்கினால் வேகம் இரு மடங்காகும். அட்டவணையில் அப்படி ஒரு விகிதம் வந்தால் கணக்கு தப்பு என்று அழித்துவிடக் கூடாது.

இந்த முறையின் வேர் யாகோபுஸ் வான்ட் ஹாஃப் 1884-இல் வெளியிட்ட வேதி இயக்கவியல் நூல் வரை செல்கிறது. வேகத்தின் மடக்கையைச் செறிவின் மடக்கையோடு வைத்துப் பார்த்து வினைவகையை அறியும் வழியை வகுத்தவர் அவர். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்குத்தான் கிடைத்தது. எண்கள் இரு மடங்கு, மும்மடங்கு என்று மனக்கணக்குக்கு இசையாதபோது இன்றும் கைகொடுப்பது அதே மடக்கைதான்: வேக விகிதத்தின் மடக்கையைச் செறிவு விகிதத்தின் மடக்கையால் வகுத்தால் அடுக்கு கிடைத்துவிடும்.

ஆய்வகத்தில் இந்த வேகங்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பது சுவையான கதை. கரைசல் மிகவும் நீர்த்ததாக எடுக்கப்படும், தேர்வுத்தாளின் 0.10 எல்லாம் கணக்கு வசதிக்கு. கலவையில் மிகச் சிறிதளவு பீனாலும் சில சொட்டு மெத்தில் சிவப்பும் சேர்க்கப்படுகின்றன. உண்டாகும் புரோமினை பீனால் உடனுக்குடன் விழுங்கிவிடுகிறது. பீனால் தீர்ந்ததும் அடுத்து வரும் புரோமின் மெத்தில் சிவப்பின் நிறத்தைப் போக்குகிறது. சிவப்பு மறையும் வரை ஆன நேரம்தான் அளவீடு. ஒவ்வொரு முறையும் பீனாலின் அளவு ஒன்றே என்பதால் அதுவரை உண்டான புரோமினின் அளவும் ஒன்றே. ஆகவே வேகம் நேரத்தின் தலைகீழுக்கு நேர்விகிதம். 40 விநாடி எடுத்தது 20 விநாடியாகக் குறைந்தால் வேகம் இரு மடங்கு. பீனால் கொஞ்சமாக இருப்பதில்தான் சூட்சுமம். அதிகமாகப் போட்டால் நிறம் மறைவதற்குள் மற்றப் பொருள்களும் கணிசமாகத் தீர்ந்துவிடும். அப்புறம் கிடைப்பது சராசரி வேகமே தவிர தொடக்க வேகமாகாது.

இந்தச் சோதனையில் மாணவர்கள் செய்யும் வழக்கமான பிழை, புரோமேட் கரைசலை 10 மில்லிலிட்டரிலிருந்து 20 ஆக்கிவிட்டு, நீரை அதே 10 மில்லிலிட்டர் குறைக்க மறப்பது. மொத்தப் பருமன் கூடியதும் மற்ற இரண்டு பொருள்களின் செறிவும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஒன்றை மட்டும் மாற்றியதாக அவர் குறித்துக்கொள்வார். உண்மையில் மூன்றும் மாறியிருக்கும். வெப்பநிலையும் அப்படித்தான். காலையில் இரண்டு சோதனை, வெயில் ஏறியபின் இரண்டு என்று செய்தால் k-யே மாறிவிடும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஆய்வக எண்கள் வினாத்தாள் எண்களைப்போல வழவழப்பாக வருவதில்லை. செறிவை இரு மடங்காக்கியபோது வேகம் 1.8 மடங்கு ஆனால் அடுக்கு 0.85, 2.2 மடங்கு ஆனால் 1.14. இரண்டையும் 1 என்று கொள்வதில் தவறில்லை. அதே 10 சதவீதப் பிழையோடு செறிவை ஒன்றரை மடங்கு மட்டும் ஏற்றியிருந்தால் விடை 0.74 முதல் 1.24 வரை அலையும். அது ஒன்றா முக்காலா என்று சொல்வது கடினம். செறிவைத் துணிந்து இரு மடங்கு, மும்மடங்கு ஏற்றுவது இதனால்தான். அந்த வகையில் நம் வினாத்தாளின் சோதனை 4 தேர்வுக்கு அழகானது, ஆய்வகத்துக்கு அவ்வளவு பொருத்தமானதல்ல.

சில அட்டவணைகளில் ஒரு செறிவு மாறியும் வேகம் அசையாமல் நிற்கும். அமிலக் கரைசலில் அசிட்டோனும் அயோடினும் வினைபுரிவது இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. அயோடினை இரு மடங்காக்கினாலும் வேகம் அதேதான்; அசிட்டோனும் அமிலமும் மட்டுமே வேகத்தை முடிவு செய்கின்றன. ஆர்தர் லாப்வொர்த் 1904-இல் புரோமினை வைத்து இதே போக்கைக் காட்டினார். அயோடினின் அடுக்கு சுழி. எந்த எண்ணின் சுழி அடுக்கும் 1 என்பதால் விதியில் அதன் பெயரே வராது. அயோடின் வினையில் பங்கேற்கத்தான் செய்கிறது, ஆனால் மெதுவான படி முடிந்த பிறகுதான் உள்ளே வருகிறது. அட்டவணையில் எண் மாறாததைக் கண்டு அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

கடைசியாக வாசகருக்கு ஒரு கணக்கு. நம் அட்டவணையில் ஐந்தாவது சோதனை ஒன்றைச் சேர்க்கலாம்: புரோமேட் 0.05, புரோமைடு 0.20, ஹைட்ரஜன் அயனி 0.20. தொடக்க வேகம் 32 × 10⁻⁴ என்று வர வேண்டும். 16 × 10⁻⁴ கிடைத்தால் புரோமைடு இரு மடங்கானதையோ ஹைட்ரஜன் அயனியின் வர்க்கத்தையோ விட்டுவிட்டீர்கள். 64 × 10⁻⁴ கிடைத்தால் புரோமேட் பாதியானதைக் கவனிக்கவில்லை.